விடைபெறு மடல்

பள்ளியை விட்டுச் செல்லும் மாணவனுக்குப் பள்ளி அளிப்பது மாற்றுச் சான்றிதழ். மாணவன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், அங்க அடையாளம், பயின்ற வகுப்பு, நடத்தை ஆகியன அதில் முறையாகக் குறிக்கப்பெறும். ஆயினும், அவனுக்கு எது அரிதாயிருந்தது, அதனை எளிதாக்கியவர் யார், எவ்வாறு எளிதாக்கினார் என்பவற்றிற்கு அத்தாளில் இடமில்லை. அக்குறையை நிரப்ப வல்லது பெற்றோர் ஆசிரியர்க்கு எழுதும் விடைபெறு மடல்.

இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றிய ஒருவருக்கு மானாமதுரையிலிருந்து அரக்கோணத்திற்கு மாற்றல் ஆணை வந்தது. அவர் மகன் நான்காம் வகுப்பு மாணவன். பேசத் தொடங்கினால் நாத் திக்கும். அவனுடைய அன்னை ஐந்தாம் வகுப்பு வரையே பயின்றவள். ஆசிரியர்களிடம் எழுத்தால் விடைபெற விரும்பிய அவள், “தாங்கள் செய்த உதவிகள் அனைத்திற்கும் மிக்க நன்றி” என முதலில் எழுதினாள். படித்துப் பார்த்தபோது, எந்தப் பள்ளிக்கும் எவரும் எழுதக்கூடிய வரியாகவே அது தோன்றிற்று. அத்தாளை மடித்து வைத்துவிட்டு, வேறு தாளில் பின்வருமாறு எழுதினாள்:

“மானாமதுரை,
ஏப்ரல் 18.

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இம்மாத இறுதியில் நாங்கள் அரக்கோணத்திற்குக் குடிபெயர்கிறோம். என் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த நாளில் தன் பெயரைச் சொல்லவும் திணறினான். ஆசிரியை அம்மா அவர்கள் அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். சொல்லைத் தாமே எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாம் வகுப்பில், அருகிலிருந்த மாணவனோடு சேர்ந்து படிக்க வைத்தார்கள். இரு குரலும் ஒன்றாய் எழும்போது அவனுக்குத் தடை வருவதில்லை. நாளடைவில் அந்தப் பிள்ளை முதல் வரியோடு நிறுத்திக்கொள்ள, என் மகன் தனியே தொடர்ந்தான்.

இவ்வாண்டு வகுப்பாசிரியர் ஐயா அவர்கள், வாய்பாட்டை அவன் வாயால் ஒப்பிக்காவிடினும் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். அவனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பது அன்றுதான் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஆண்டு விழாவில் தனியே நின்று பேசினான். இரண்டு இடங்களில் சொல் நின்றது. மூச்சு வாங்கி, மீண்டும் தொடர்ந்தான். அதனை நான் மறக்கமாட்டேன்.

புதிய பள்ளியில் அவன் விடை சொல்லாது நின்றால், பாடம் படிக்கவில்லை என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சுகிறேன். அவனிடம் எவ்வாறு வினவினால் விடை வரும் என்பதை நான்கு வரியில் எழுதித் தந்தால் எடுத்துச் செல்வோம்.

நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்தை இத்துடன் சேர்ப்பித்துள்ளேன். கடைசிப் பக்கங்களை நேற்றிரவு எனக்கு உரக்கப் படித்துக் காட்டி முடித்தான்.

இப்படிக்கு,
வணக்கத்துடன்,
மாணவனின் அன்னை.”

இம்மடலில் அணி நயம் யாதும் இல்லை. நன்றி என்னும் சொல்லும் ஓரிடத்தேனும் வரவில்லை. எனினும், ஒவ்வோர் ஆசிரியரும் செய்த செயல் பிறிதொன்றோடு கலவாமல் தனித்தனியே நிற்கிறது. படிக்கும் ஆசிரியர், தாம் செய்தவற்றுள் எது பயன் தந்தது என்பதை இதனால் அறிவார். அதே குறையுடைய வேறொரு பிள்ளைக்கும் அதனைச் செய்வார்.

மகன் முற்றும் குணமடைந்தான் என அன்னை எழுதாமையும் நோக்கத்தக்கது. ‘இரண்டு இடங்களில் சொல் நின்றது’ என்னும் உண்மையை அவள் மறைத்திருந்தால், பின்னர் அவள் கேட்கும் உதவிக்குக் காரணமே இல்லாமற் போயிருக்கும். அவள் கேட்டதும் நான்கே வரி. அதனை எழுதுதற்கு ஆசிரியர்க்குப் பொழுது வேண்டுமன்றோ? ஆதலின், வண்டியேறும் நாள்வரை காத்திராமல், பள்ளி நடைபெறும்போதே மடலைக் கொடுத்தாள். பிள்ளையின் குறை பலர் காதிற்கு எட்டுதல் தகாது என்று கருதி, உறையிலிட்டு ஒட்டித் தன் கையாலேயே சேர்ப்பித்தாள்.

மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. “அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவனுக்காகச் சொல்லை நீங்கள் முடிக்க வேண்டா. தொடக்கத்தில் துணையோடு படிக்க விடுங்கள். எழுதச் சொன்னால் முதலில் எழுதி முடிப்பவன் அவனே,” என்று ஆசிரியை எழுதியிருந்தார். சிறுவனின் தந்தை அத்தாளை மாற்றுச் சான்றிதழின் மடிப்பினுள் வைத்து, இரண்டையும் ஒன்றாகவே அரக்கோணத்திற்கு எடுத்துச் சென்றார்.