பிரமிடை எடுத்துவிடு



இடைக்கால இங்கிலாந்து பற்றிய உன் நூலின் முதல் படமாக அந்தப் பிரமிடைத்தான் வைத்திருக்கிறாய்: உச்சியில் அரசன், நடுவில் பிரபுக்களும் வீரர்களும், அடியில் ‘அடிமைகள்’. அதை எடுத்துவிடு என்பேன். அடித்தட்டில் நீ ஒன்றாக அடைத்திருப்பவர்களை 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கே தனித்தனியாகத்தான் எழுதியது. அதில் ‘செர்வி’ எனப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். அவர்களைவிடப் பல மடங்கு இருந்தவர்கள் ‘வில்லானி’, அதாவது கிராமத்துக் குடிகள். நம் சினிமா வில்லனுக்கும் இந்தச் சொல்தான் பாட்டன். கிராமத்தான் என்ற பெயரே வசைச்சொல்லானது மேட்டுக்குடியின் கைங்கரியம். ‘பண்ணையாள்’ என்று பெயர்த்தாலும் சரிவராது. நம் காதில் அது நிலமற்ற கூலியாகத்தான் விழும். இவனிடமோ நிலம் இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு வீடுகளைப் பார். முதல் வீட்டுக்காரன் வில்லன்; வழக்கப்படி அவன் கையில் 30 ஏக்கர். அதற்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் உழைக்க வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும், அவன் செத்தால் தொழுவத்தின் நல்ல மாடு பிரபுவுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரன் சட்டப்படி சுதந்திரன், நிலம் 4 ஏக்கர். அறுவடைக் காலத்தில் அந்த வில்லனிடமே கூலிக்குப் போகக்கூடியவன். ஆனால் நிலத்தகராறு வந்தால் அரசனின் நீதிமன்றப் படி ஏறலாம். வில்லனுக்குப் பிரபுவின் மன்றத்தைத் தாண்டி வழியில்லை. இருவரில் யாரைப் பிரமிடில் மேலே வரைவாய்? சுதந்திரம் ஒரு கணக்கு, சொத்து வேறு கணக்கு. இதில் ஊர் வேலைகளை மேற்பார்க்கும் ‘ரீவ்’ பெரும்பாலும் ஒரு வில்லன்தான். பிரபுவுக்குக் கணக்கு ஒப்பிப்பவனும் அவனே.

‘வாசகனுக்கு எளிய படம் வேண்டாமா, அக்காலத்தவரே சமூகத்தை மூன்றாகப் பிரித்தார்களே’ என்பாய். தொழுவோர், போரிடுவோர், உழைப்போர் என்று பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய அடல்பெரோ, பிரான்சின் லான் நகரத்து ஆயர். உலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை அது. வணிகனுக்கு அதில் இடமே இல்லை. அதை ஆயரின் கருத்தாகவே காட்டு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: ‘அடிமைகள்’ என்று தீர்ப்புச் சொல்லாமல் எழுதினால் கொடுமைக்கு வெள்ளையடித்ததாகாதா? நம் காலத்துத் தீர்ப்பைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன், அவர்களுடையதை அல்ல. 1381 ஜூனில் கிளர்ந்தெழுந்த குடியானவர்கள் லண்டனை அடுத்த மைல் எண்டில் பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டிடம் வில்லன் நிலையை ஒழிக்கக் கேட்டார்கள். நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்ஸ் வாடகை என்று தொகையும் குறித்தார்கள். ஒப்புக்கொண்ட அரசன் சில வாரங்களில் வாக்கை ரத்து செய்தான். அந்தக் கலகத்தின்போது பல ஊர்களில் குடியானவர்கள் தேடிப் பிடித்துக் கொளுத்தியவை பிரபுவின் மன்றச் சுருள்கள். கல்யாணப் பணமும் செத்தவன் மாடும் பதிவானது அவற்றில்தான். அந்தப் பதிவுகளை நீ முன்பக்கங்களில் கூட்டாமல் குறைக்காமல் காட்டியிருந்தால், நெருப்பு வைத்த காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.