செய்கூலிக்கு எத்தனை சதவீதம்? நகைக்கடை பில் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

நகைக்கடையின் பில்லிங் மேசையிலோ கணக்குப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவரிடம் வாடிக்கையாளர் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: “தங்கத்துக்கு 3 சதவீதம், செய்கூலிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, சரிதானே?” பல கடைகளில் மூத்த ஊழியர்களே ஆமாம் என்று தலையாட்டுவார்கள். கடை தன் தங்கத்தில் செய்த நகையை விற்கும்போது அது சரியில்லை. தங்கத்தின் விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைக்கும் 3 சதவீதம்தான். காரணம் தெரிந்துகொண்டால் வாடிக்கையாளருக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். திருவிழா காலத்தில் கடை அறிவிக்கும் சலுகைகளில் உள்ள பெரிய ஆபத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு பில் போட்டுப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக 22 காரட் தங்கம் கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சவரன், அதாவது 16 கிராம் சங்கிலி. தங்கத்தின் விலை ரூ.1,60,000. சேதாரம் 10 சதவீதம், ரூ.16,000. செய்கூலி ரூ.4,000. மொத்தம் ரூ.1,80,000. இதற்கு 3 சதவீதம் ரூ.5,400. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனை என்றால் மத்திய வரி ரூ.2,700, மாநில வரி ரூ.2,700 என்று இரண்டாகப் பிரியும். வாடிக்கையாளர் தர வேண்டியது ரூ.1,85,400.

இதே பில்லைத் தவறாகப் பிரித்தால் தங்கத்துக்கு 3 சதவீதம் ரூ.4,800, செய்கூலி, சேதாரத்துக்கு 5 சதவீதம் ரூ.1,000, ஆக ரூ.5,800 வரும். வாடிக்கையாளரிடம் ரூ.400 கூடுதலாக வாங்கியிருக்கிறோம். வரி என்ற பெயரில் வாங்கிவிட்ட பணத்தைக் கடை வைத்துக்கொள்ள முடியாது. அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 76-வது பிரிவு சொல்கிறது. கடைக்கு ஒரு லாபமும் இல்லை, வாடிக்கையாளருக்கு மட்டும் நஷ்டம்.

அப்படியானால் இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது? பட்டறையிலிருந்து. கடை தன் தங்கத்தைப் பத்தரிடம் கொடுத்து நகை செய்து வாங்குகிறது. தங்கம் கடையுடையது, பத்தர் தருவது உழைப்பு மட்டும். இதைச் சட்டம் ‘ஜாப் ஒர்க்’ என்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற பத்தர் கடைக்குப் போடும் கூலி பில்லில் 5 சதவீதம் இருக்கும். கடை அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளும். அந்த விகிதம் பட்டறைக்கும் கடைக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே நடப்பது வேறொரு பரிவர்த்தனை.

அந்தப் பரிவர்த்தனையைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்: கூட்டு வழங்கல், கலப்பு வழங்கல். ஆடிட்டர்கள் ‘காம்போசிட் சப்ளை’, ‘மிக்ஸட் சப்ளை’ என்பார்கள். இயல்பாகவே சேர்ந்து வருகிற, வியாபார வழக்கத்தில் ஒன்றாகவே விற்கப்படுகிற பொருள்களும் சேவைகளும் கூட்டு வழங்கல். அவற்றில் ஒன்று முதன்மையாக இருக்கும். அதன் வரி விகிதமே முழுத் தொகுப்புக்கும் பொருந்தும். சரக்கை மூட்டை கட்டி, காப்பீடு செய்து, லாரியில் ஏற்றி அனுப்புவதைச் சட்டமே உதாரணமாகத் தருகிறது. அங்கே சரக்குதான் முதன்மை. கலப்பு வழங்கல் அப்படியல்ல. தனித்தனியாக விற்கக்கூடிய, ஒன்றோடொன்று இயல்பான தொடர்பில்லாத பொருள்களை ஒரே விலைக்குக் கட்டித் தருவது அது. இனிப்பு, சாக்லேட், உலர் பழம், குளிர்பானம் எல்லாம் வைத்த பரிசுப் பெட்டி சட்டம் காட்டும் உதாரணம். இதில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் விழும்.

வாடிக்கையாளர் ஒரு மாதிரியைக் காட்டி, கடையின் தங்கத்தில் அதேபோல் செய்து தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது சங்கிலி. செய்யும் உழைப்பு அதற்குள் அடங்கியது. உழைப்பை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அவர் கேட்ட பொருளே இல்லை. ஆகவே நகை முதன்மை, செய்கூலி அதைச் சார்ந்தது, மொத்தத்துக்கும் 3 சதவீதம். கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் நகைக்கு இந்த வாதம்கூடத் தேவையில்லை என்பது என் கருத்து. விற்கப்படுவது ஒரே பொருள். செய்கூலியும் சேதாரமும் அதன் விலையின் பகுதிகள். வாங்குபவர் உண்மையில் தரும் விலையே வரிக்குரிய மதிப்பு என்ற 15-வது பிரிவே போதும். எந்த வழியில் போனாலும் விடை 3 தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். கலப்பு வழங்கலின் வரையறையில் ‘ஒரே விலை’ என்ற நிபந்தனை இருக்கிறது. கூட்டு வழங்கலின் வரையறையில் அது இல்லை. எனவே செய்கூலியைப் பில்லில் தனியாகக் காட்டினாலும் கூட்டு வழங்கல் உடைந்துவிடாது. வாடிக்கையாளருக்கு விவரம் தெரிவதற்காகத் தனியே காட்டலாம், காட்டுவது நல்லதும்கூட. ஆனால் அதற்குத் தனி வரி விகிதம் கிடையாது. கலப்பு வழங்கலில் நிலைமை தலைகீழ். பொருள்களுக்குத் தனித்தனி விலை போட்டு, தேவையானதை மட்டும் வாங்கிக்கொள்ள விட்டால் அது கலப்பு வழங்கலாகவே ஆகாது. ஒவ்வொன்றும் தன் விகிதத்தில் போகும்.

இது எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதைத் தீபாவளிச் சலுகை ஒன்றில் பார்க்கலாம். ரூ.60,000 மதிப்புள்ள தங்கச் சங்கிலியும் ரூ.5,000 மதிப்புள்ள கைக்கடிகாரமும் சேர்த்து ஒரே விலை ரூ.65,000 என்று கடை விளம்பரம் செய்கிறது. கைக்கடிகாரத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சங்கிலியும் கடிகாரமும் இயல்பாகச் சேர்ந்து வருபவை அல்ல, விலையும் ஒன்று. ஆகவே இது கலப்பு வழங்கல். முழு ரூ.65,000-க்கும் 18 சதவீதம், அதாவது ரூ.11,700 வரி. இரண்டையும் தனித்தனி விலையில் விற்றிருந்தால் சங்கிலிக்கு ரூ.1,800, கடிகாரத்துக்கு ரூ.900, மொத்தம் ரூ.2,700. ஒரு விற்பனையில் வித்தியாசம் ரூ.9,000.

பில்லில் 3 சதவீதம் மட்டும் போட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் தணிக்கையில் இதைப் பிடித்தால் வாடிக்கையாளரைத் தேடிப் போய் வாங்க முடியாது. கடையின் கையிலிருந்துதான் போகும். அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அபராதமும் வரலாம்.

“கடிகாரம் இலவசம் என்று போட்டால்?” என்று முதலாளி கேட்பார். 2019 மார்ச்சில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட 92-வது சுற்றறிக்கை இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது உண்மையில் இலவசம் இல்லை. ஒரு விலைக்கு இரண்டு பொருள் தருவதாகவே அதைக் கொள்ள வேண்டும், கூட்டு வழங்கலா கலப்பு வழங்கலா என்று பார்த்து விகிதம் முடிவாகும் என்கிறது அது. அப்படிப் பார்த்தால் ரூ.60,000 சங்கிலியோடு ‘இலவச’ கடிகாரம் தரும் கடையிடம் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் கேட்க இடமிருக்கிறது. வெள்ளி நாணயம் தருவதில் இந்தச் சிக்கல் இல்லை. வெள்ளிக்கும் 3 சதவீதமே என்பதால் அதிகமான விகிதம் என்று ஒன்று கிடையாது. நகைப் பெட்டியும் பையும் நகையோடு இயல்பாக வருபவை, அவை கூட்டு வழங்கலில் அடங்கிவிடும். விளம்பரப் பிரிவு ஒரு சலுகையை முடிவு செய்வதற்கு முன்பே அந்தத் தாள் உங்கள் மேசைக்கு வந்து போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த பிறகு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பழைய நகை. இங்கே நடக்கும் தவறும் தொகையில் பெரியதுதான். மேலே சொன்ன ரூ.1,80,000 சங்கிலிக்கு வாடிக்கையாளர் ரூ.1,50,000 மதிப்புள்ள பழைய வளையலை எக்ஸ்சேஞ்சில் தருகிறார். மீதி ரூ.30,000-க்கு மட்டும் 3 சதவீதம் போட்டு ரூ.900 வாங்கினால் ரூ.4,500 குறைந்துவிடும். பழைய வளையலும் ஒருவகைப் பணம்தான். விற்றது ரூ.1,80,000 நகை, வரி ரூ.5,400. தனிநபர் ஒருவர் தன் பழைய நகையைக் கடைக்கு விற்பதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று அரசு 2017 ஜூலையிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே வளையலுக்குத் தனியாகக் கொள்முதல் ரசீது, சங்கிலிக்கு முழுத் தொகைக்கு விற்பனை பில் என இரண்டு ஆவணங்கள் போடுங்கள். கடைசியில் கட்ட வேண்டிய தொகையில் மட்டும் கழியுங்கள்.

வாடிக்கையாளர் தன் வளையலையே உருக்கிச் சங்கிலியாக்கித் தரச் சொன்னால் கதை மாறுகிறது. தங்கம் கடைசிவரை அவருடையதே. கடை விற்பது உழைப்பு மட்டும். இது நகை விற்பனையே இல்லை, சேவை. வரி கூலிக்கு மட்டும். ஆனால் விகிதத்தில் கவனம் தேவை. பதிவு பெற்ற இன்னொருவரின் பொருளில் செய்யும் வேலைதான் ‘ஜாப் ஒர்க்’ என்று 2(68) பிரிவு வரையறுக்கிறது. வீட்டு வாடிக்கையாளர் பதிவு பெற்றவர் அல்லர். பிறர் பொருளில் செய்து தரும் உற்பத்திச் சேவைக்கான 18 சதவீத இனத்தில் அது விழக்கூடும் என்பதால், இத்தகைய வேலைகளை எடுக்கும் கடை தன் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைப்பது அவசியம்.

கணினியில் சரிபார்ப்பது எளிது. பில்லிங் மென்பொருளின் பொருள் பட்டியலில் தங்க நகை 7113 என்ற எச்எஸ்என் குறியீட்டில், 3 சதவீதத்தில் இருக்க வேண்டும். செய்கூலியை அந்த விலைக்குள் சேரும் தொகையாக அமையுங்கள். அதற்குத் தனிப் பொருள் குறியீடு கொடுத்தால் யாராவது ஒரு நாள் அதில் 5 என்று போட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் முன் எச்எஸ்என் சுருக்கத்தைத் திறந்து பாருங்கள். பட்டறை வேலை எடுக்காத கடையின் விற்பனையில் 9988 என்ற சேவைக் குறியீடு தெரிந்தால் எங்கோ செய்கூலி பிரிந்திருக்கிறது என்று பொருள். நகை விற்பனை மதிப்பில் 3 சதவீதத்தைப் போட்டு, காட்டியிருக்கும் வரியோடு ஒப்பிட்டால் எக்ஸ்சேஞ்ச் பில்களில் விழுந்த குறையைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மதிப்பே குறைவாகப் பதிவாகியிருக்கும். அதற்கு வேறு வழி: வெளியே போன நகையின் எடையை ஸ்டாக் புத்தகத்திலிருந்து எடுத்து, விற்பனை மதிப்பை எடையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் கிராம் விலை அந்த மாதத் தங்க விலையைவிடக் குறைவாக வந்தால் எக்ஸ்சேஞ்ச் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள்.

தவறு கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். கூடுதலாக வாங்கிய வரிக்கு வாடிக்கையாளர் பெயரில் கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைத் திருப்பித் தரலாம். குறைவாக வாங்கியிருந்தால் டெபிட் நோட் போட்டு வட்டியோடு கட்டலாம். கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அன்றோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.