கண் முதலில் எங்கே போகும்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடத்தைப் பற்றி நீங்கள் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுலாத் துறையில் ஒரு நேர்காணலாக இருக்கலாம், கட்டடக்கலை வகுப்பில் ஒரு செமினாராக இருக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நகராட்சிக் கட்டடம் அது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள்.

இதற்குப் பலரும் போடும் ஸ்லைடு எப்படி இருக்கும்? மேலே "மேரி கட்டட மறுகட்டுமானத் திட்டம்: ஓர் அறிமுகம்". இடது பக்கம் புள்ளி வைத்த ஆறு வரிகள். வலது பக்கம் ஒரே அளவில் நான்கு படங்கள். மூலையில் கல்லூரி லோகோ. தகவல் எல்லாம் சரிதான். ஆனால் எல்லாமே ஒரே உரத்த குரலில் பேசுவதால், ஸ்லைடிலேயே பளிச்சென்ற நிறமுள்ள லோகோவுக்குத்தான் கண் முதலில் போகிறது. நீங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்போது சபை லோகோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்த ஸ்லைடு போனபிறகு சபைக்கு என்ன மிஞ்ச வேண்டும்? நம் விஷயத்தில் அது "இடிந்த கட்டடம் அதே முகத்தோடு எழுந்தது" என்பதுதான். இந்த வாக்கியம் கையில் இருந்தால் எது பெரிதாக வர வேண்டும், எது சிறிதாக வர வேண்டும், எது வரவே வேண்டாம் என்பது தெரிந்துவிடும். கட்டடத்தின் முகம் முதலில், வாக்கியமும் ஆண்டுகளும் அடுத்து, படம் எடுத்தவர் பெயர் கடைசியில். நான்கு படங்களில் மூன்று வெளியே. ஆறு வரிகளும் உங்கள் பேச்சுக்குள்.

அடுத்துதான் மூன்றில் ஒரு பங்கு விதி. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய நூலில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். சட்டத்தை நெடுக்கில் மூன்றாகவும் கிடையில் மூன்றாகவும் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேலோ அவை வெட்டும் நான்கு புள்ளிகளின் அருகிலோ வைப்பது இன்றைய வழக்கம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தப் புள்ளிகளுக்குக் கண்ணை இழுக்கும் சக்தி எதுவும் கிடையாது. கண்ணை இழுப்பவை அளவு, நிற வேறுபாடு, மனித முகம், சுற்றிலும் உள்ள வெற்றிடம். அப்படி இழுக்கும் பொருளை எங்கே நிறுத்தினால் மற்றதற்கு வசதியாக இடம் கிடைக்கும் என்பதை மட்டும்தான் கோடுகள் சொல்கின்றன.

பவர்பாயின்டில் Alt+F9 அழுத்தினால் நடுவில் இரண்டு வழிகாட்டிக் கோடுகள் வரும். அகல ஸ்லைடின் அளவு 33.87 × 19.05 செ.மீ. கோடுகளின் தூரம் நடுவிலிருந்து கணக்காகும் என்பதால் நெடுக்குக் கோட்டை ஒரு பக்கம் 5.6 செ.மீ. நகர்த்துங்கள். Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் இன்னொரு கோடு உண்டாகும், அதை மறுபக்கம் 5.6-இல் வையுங்கள். கிடைக்கோடுகளுக்கு மேலும் கீழும் 3.2 செ.மீ. போதும். இதையே Slide Master-இல் செய்துவிட்டால் எல்லா ஸ்லைடிலும் கோடுகள் இருக்கும், திரையிடும்போது தெரியாது.

இப்போது படம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை ஏழரை மணி வரை வண்டிகளை விடுவதில்லை. அந்த நேரம் முடிவதற்குள் போய்க் கடல் பக்கமாக நின்று எடுங்கள். வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து கட்டடத்தின் மேல் விழும். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. வெளிர் நிறக் கட்டடத்தின் முன்னால் ஒரே ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நின்றால் போதும், கட்டடம் எந்தக் கோட்டில் இருந்தாலும் கண் ஸ்கூட்டருக்குத்தான் போகும்.

எடுக்கும்போதே கட்டடத்தை வலது மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்தி, இடது பங்கில் வானத்தை விடுங்கள். கைபேசிப் படம் பொதுவாக 4:3 விகிதத்தில் இருக்கும், ஸ்லைடு 16:9. அகலம் முழுக்க நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். அந்தக் கால் பங்கைக் கீழே சாலையிலிருந்து எடுங்கள், மேலே வானத்தைத் தொடாதீர்கள். கூரை விளிம்பு மேல் கிடைக்கோட்டின் பக்கம் வந்தால் பொருத்தமாக இருக்கும்.

இடது பங்கில் எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. சாய்வெழுத்தும் நம் கண்ணுக்குப் பழக்கமில்லை. ஆக, எது முதல், எது இரண்டாவது என்று காட்ட அளவு, தடிமன், நிறம் ஆகிய மூன்றைத்தான் நம்ப வேண்டும். வேறுபாடு தயக்கமில்லாமல் தெரிய வேண்டும். 28-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்வரிசையில் இருப்பவர் உணர மாட்டார். "2014", "2021" இரண்டும் 54 புள்ளி, வாக்கியம் 28, படம் எடுத்தவர் பெயர் 14 என்று வையுங்கள். தடித்த வடிவம் தனியாக இல்லாத எழுத்துருவில் B பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் செயற்கையாகத் தடிக்கவைக்கும், சுழிகள் அடைத்துப்போகும். நிர்மலாவிலும் நோட்டோ சான்ஸ் தமிழிலும் உண்மையான தடித்த வடிவம் இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 11 செ.மீ., ஓரம் விட்டால் அதிலும் குறைவு. "மறுகட்டுமானம்" என்ற ஒரு சொல்லே 28 புள்ளியில் வரியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். "எழுந்தது" உட்காரும். தமிழ் ஸ்லைடில் சொல்லின் நீளமும் வடிவமைப்பில் சேர்த்தி. வரி இடைவெளியையும் பாருங்கள். பவர்பாயின்டின் வழக்கமான கருப்பொருளில் அது 0.9 என்று இருக்கும். அதில் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகர மேல்விலங்கும் நெருக்கியடிக்கும். 1.1 ஆக்குங்கள். காலை வானம் வெளுப்பாக இருப்பதால் எழுத்து கருநீலமாக இருக்கட்டும், வெள்ளை எழுத்து காணாமல் போய்விடும்.

கீழ்ப் பங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தரை சமமாக உள்ள கூடத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலை ஸ்லைடின் கீழ்ப் பகுதியை மறைக்கும். விதிப்படி கீழே இரண்டு வெட்டுப்புள்ளிகள் இருந்தாலும் ஆண்டுகளையும் வாக்கியத்தையும் மேல் இரண்டு பங்குக்குள் முடித்துவிடுவதே நல்லது.

வேலை முடிந்ததா என்று பார்க்க Slide Sorter-க்குப் போய் ஸ்லைடை விரல் அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் கட்டடமும் ஆண்டுகளும் தனித்துத் தெரிய வேண்டும். பிறகு இந்த விஷயம் தெரியாத ஒருவருக்கு மூன்று விநாடி காட்டி, மூடிவிட்டு, எதை முதலில் பார்த்தீர்கள், அடுத்து எதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "கட்டடம், 2014, 2021" என்று வந்தால் சரி. "நல்லா இருக்கு" என்று மட்டும் வந்தால் கண் எங்கேயும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

கோடுகளைத் தள்ளிவைக்க வேண்டிய இடங்களும் உண்டு. முகப்பின் சமச்சீரையே பேச வந்திருந்தால் கட்டடத்தை நட்ட நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் வைத்தால் அந்தச் சமச்சீர் கெடும். இடிந்த படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் இரண்டும் ஒரே அளவில், ஒரே கோணத்தில், பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் கோடு பயன்படாது. அங்கே பேச வேண்டிய ஒரு பட்டையை மட்டும் நிறமாக்கி மற்றதைச் சாம்பல் நிறத்தில் விட்டாலே கண் வழி கண்டுகொள்ளும்.

அடுத்தடுத்த ஸ்லைடுகளில் வாக்கியம் அதே இடது பங்கில், அதே உயரத்தில் தொடங்கட்டும். ஒவ்வொன்றிலும் இடம் மாறினால் சபை முதலில் வாக்கியத்தைத் தேடும், அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது காதில் விழாது.