சித்திரை இடிக்கு முன்: கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு கண்ணாடி இழை

கோலார் தங்கவயலில் பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் இந்நாட்களில், பகலெல்லாம் சயனைடு மேடுகளிலிருந்து நுண்ணிய மண் காற்றிலே கிளம்பி ஜன்னல் விளிம்புகளில் படிவதும், சாயங்காலம் திடீரென்று மேகம் திரண்டு இடியும் மின்னலுமாகக் கோடை மழை இறங்குவதும் நம்மவர்க்குப் பழகிய காரியங்களே. ஆயினும், முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாகக் குடியிருந்து, கடைக்கு வந்த இன்டர்நெட்டை மாடிச் சுவரோரம் கேபிள் ஓட்டி வீட்டுக்கும் கொண்டுபோயிருப்பவர்கள், முதல் இடி கேட்பதற்கு முன்னால் ஒருநாள் ஏணி வைத்து ஏறி அந்தக் கேபிளைப் பார்த்துவிடுவது அவசியம்.

சென்ற வருஷம் ராபர்ட்சன்பேட்டையில் என் நண்பரொருவரின் மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றமும் கிணறும் உண்டு. சுவரைச் சுற்றிப் போகும் வழி 38 மீட்டர். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்குமாகையால் தூரத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளையே வெயிலில் இழுத்துக் கட்டிவிட்டார். சித்திரையில் ஒருநாள் இருட்டுகிற வேளையில் எங்கோ மின்னல் விழுந்தது. அவர் கட்டிடத்தில் ஓர் ஓடுகூட அசையவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், கடை ரவுட்டரில் அந்தக் கேபிள் செருகியிருந்த துளை மட்டும் செத்திருந்தது. வீட்டு ரவுட்டர் முழுவதும் போயிருந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அண்ணா, கடைக்கு ஒரு மீட்டரு, வீட்டுக்கு ஒரு மீட்டரு, எர்த்தும் வேற வேற. ரெண்டுக்கும் நடுவுல இந்தச் செம்புதான் மாட்டிக்கிச்சு" என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் சரி. தங்கச் சுரங்கங்களுக்காக 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரவழைத்துக்கொண்ட ஊர் இது. எனினும் கம்பி வந்து சேர்ந்த வேகத்தில் பாறை இளகிவிடவில்லை. நம் நிலத்தில் சிறிது ஆழத்திலேயே கெட்டிப் பாறை தட்டுகிறது. கோடையில் எர்த் குழி வற்றிப்போனால் மண் மின்சாரத்தை ஏற்கும் சக்தியும் குறைந்துபோகிறது. கடைக் குழி ஒருவிதமாகவும் கிணற்றடியிலுள்ள வீட்டுக் குழி வேறுவிதமாகவும் காயுமாதலால், சமீபத்தில் மின்னல் இறங்குகிற கணத்தில் இரண்டு எர்த்துகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வித்தியாசம் தோன்றுகிறது. அத்துடன் நீண்ட செம்புக் கம்பியிலேயே மின்னல் தூண்டிவிடும் அழுத்தமும் சேர்கிறது. ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தடுத்து நிற்கும்படி அமைக்கப்பட்டது; அதற்கு மேற்பட்டதைத் தடுக்க அதனால் முடியாது. உலோக உறை போர்த்திய கேபிள் உசத்தி என்று எண்ணி வாங்கி, அந்த உறையை இரு முனையிலும் எர்த்துடன் இணைப்பவர்கள், வித்தியாசம் ஓடுவதற்கு அகலமான பாதையொன்றைத் தாமே வெட்டிக் கொடுக்கிறார்கள்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: கடையும் வீடும் ஒரே மீட்டரிலும் ஒரே எர்த்திலும் இருந்து, தூரமும் சொற்பமாயிருந்தால், வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேட்-6 கேபிள் போதும், வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது என்று அறிந்து திருப்பிக் கொடுத்துவிடலாம். மீட்டர் இரண்டாக இருக்குமிடத்தில் ஃபைபரே தகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அது இங்கே ஆகாது, உள்ளே பிளாஸ்டிக் நார்க்குச்சி வைத்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

நண்பருடைய வீட்டில், இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியே விற்கும் 50 மீட்டர் சிங்கிள் மோடு கேபிளொன்றும், ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் மீடியா கன்வெர்ட்டர் ஜோடியொன்றும் வாங்கினோம். இந்த ஜோடியில் A என்று குறித்தது 1310 நானோமீட்டர் ஒளியை அனுப்பி 1550-ஐ வாங்கும். B என்பது அதற்கு நேர்மாறு. இரண்டும் A-யாக அமைந்துவிட்டால், ஊமையும் ஊமையும் பேசிய கதைதான். கனெக்டர் நிறமும் பொருந்த வேண்டும்: நம் கன்வெர்ட்டர்கள் நீல முனைக்குரியவை, பச்சை முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டதாகையால் நீலத்தோடு சரியாக முகம் பொருந்தாது. சுவரோரம் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை முதலில் பதித்து, கயிற்றைக் கேபிளின் உறையில் கட்டி இழுத்தோம். கனெக்டரில் கட்டி இழுத்தால் முனை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மீந்த 12 மீட்டரை வெட்டாமல், சாப்பாட்டுத் தட்டளவு வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினோம். கன்வெர்ட்டரில் FX LNK என்ற விளக்கு எரியவில்லை.

குற்றம் கருவியில் இல்லை, காற்றில் இருந்தது. இழையின் நடுவே ஒளி செல்லும் பாகம் ஏறக்குறைய 9 மைக்ரான் அகலமே. மூடியைக் கழற்றி முற்றத்தில் அரைமணி நேரம் வைத்திருந்ததில் சயனைடு மேட்டு மண் ஒரு துகள் ஒட்டிக்கொண்டாலே பாதை அடைபட்டுவிடுகிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் இரு முனையையும் துடைத்துச் செருகியதும் விளக்கு எரிந்தது. ஆகவே மூடியைக் கடைசி நிமிஷத்தில் கழற்றுங்கள். இழையின் முனையைக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதி செய்யலாம். விளக்கெரிந்த பின் வீட்டுக் கணினியில், கடை ரவுட்டரின் முகவரியைக் கொடுத்து,

```
ping -t 192.168.1.1
```

என்று பத்து நிமிஷம் ஓட விடுங்கள். இடையிடையே `Request timed out` என்று வந்தால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது முனையில் இன்னும் அழுக்கிருக்கிறது.

நாங்கள் எதிர்பாராத தொல்லை ஒன்று அன்றிரவே வந்தது. நண்பர் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்து ஷட்டரை இறக்கினார். கடை ரவுட்டரும் கன்வெர்ட்டரும் உறங்க, வீட்டில் இன்டர்நெட் நின்றுவிட்டது. வீட்டிலிருந்து ஒரு மின்கம்பியைக் கடைக்கு இழுத்துவிடலாமென்று ஒரு யோசனை பிறந்தது. இரு எர்த்துகளையும் பிரிக்கச் செய்த வேலை அதனால் வீணாகுமே! ரவுட்டர், கன்வெர்ட்டர், கேமரா ரெக்கார்டர் மூன்றுக்கும் கடை மீட்டரிலிருந்தே தனி எம்.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு வைத்துக்கொண்டார்.

இவ்வாரத்தில் செய்ய வேண்டியவை: இரண்டு எர்த் குழிகளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய செம்புக் கேபிளை இந்தப் பருவத்தில் மாற்ற முடியாதவர்கள், தூரத்தில் இடி உறுமத் தொடங்கியவுடனேயே பவர் பிளக்கோடு நில்லாமல் அந்தக் கேபிளையும் இரு முனையிலும் பிடுங்கிவிட வேண்டும். இடி தலைக்குமேல் வந்த பின் அதைத் தொடலாகாது. ஃபைபர் போட்டவர்களும் அடாப்டரைப் பிடுங்கத்தான் வேண்டும். மின்சார லைன் வழியே வரும் அதிர்ச்சி கன்வெர்ட்டரைக் கொல்லக்கூடும், ஆனால் மறுமுனைக்குக் கடந்து செல்லாது. எந்த முனையில் A, எந்த முனையில் B என்பதைச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒன்று போய்விட்டால் அதே எழுத்தைத்தான் கடையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.