இறந்த கூட்டாளியின் லாபப் பங்கு

கேள்வி: மூவர் சமபங்காக நடத்திவந்த எங்கள் ஜவுளிக்கடையில் ஒரு கூட்டாளி ஜூலை 31-இல் காலமானார். வருஷக் கணக்கு மார்ச்சில்தான் முடியும். அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியதை எவ்வாறு கணக்கிடுவது?

பதில்: ஒப்பந்தப் பத்திரத்தில் விதி இருந்தால் அதுவே பிரமாணம், இல்லாவிடில், சென்ற வருஷ லாபம் 90,000 ரூபாய் எனக் கொண்டால், நான்கு மாதத்துக்கு 30,000, அதில் மூன்றில் ஒரு பங்கு 10,000 என்று காலத்தைக் கொண்டு கணிப்பது வழக்கம். ஆனால் தீபாவளி விற்பனையையே பெரிதும் நம்பியிருக்கும் ஜவுளி வியாபாரத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்கள் மந்தமானவையாதலால், விற்பனையைக் கொண்டு கணிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். சென்ற வருஷம் 9,00,000 ரூபாய் விற்பனைக்கு நூற்றுக்குப் பத்து லாபம் கிடைத்திருந்து, இவ்வருஷம் ஜூலை முடிய 2,10,000 விற்றிருந்தால், லாபம் 21,000, அவர் பங்கு 7,000. இரு முறைக்கும் வித்தியாசம் 3,000 ஆதலால், முறையைக் குடும்பத்தாரோடு பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருஷம் முடியாமையால் அவரது லாபப் பங்கை லாப நஷ்ட அனாமத்துக் கணக்கில் பற்று எழுதி, அவர் முதல் கணக்கில் வரவு வையுங்கள். முதல் 80,000, லாபப் பங்கு 7,000, எடுப்பு 3,000 எனில் நிலுவை 84,000. நற்பெயரிலும் சேமநிதியிலும் அவர் பாகத்தைக் கூட்டி, முழுவதையும் வாரிசுகளின் கடன் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தீர்க்காமல் வியாபாரத்தைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, நூற்றுக்கு ஆறு வட்டியையோ, அச்சொத்தால் விளைந்த லாபத்தையோ கோரும் உரிமை வாரிசுகளுடையது, தேர்வு உங்களுடையதன்று.