வினா–விடைப் பக்கத்தைத் திருத்தி எழுதுதல்

சங்கம், பாடசாலை, கோயில் ஆகியவற்றின் பக்கங்களில் வினா–விடைப் பகுதியைப் பேணுவோருக்காக இப்பாடம் எழுதப்படுகின்றது. கவுன்சில் வரி பற்றிய ஒரே வினாவை எடுத்துக்கொள்வோம்.

பழைய வினா: "தனிநபர் கழிவு பெறுவதற்கான தகுதி வரையறைகள் யாவை?" இவ்வாறு எவரும் வாய்திறந்து கேட்பதில்லை, அலுவலகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வினா இது. கிரீன் வீதியில் வாழும் ஒரு தாயார் கேட்பது வேறு: "மகன் கம்பஸ் போறான், என்னோடதான் இருக்கிறான். முழு வரியும் கட்ட வேணுமா?" 'தனிநபர்' என்ற சொல்லைக் கண்டதும், வீட்டில் இருவர் இருக்கின்றோமே, இது நமக்கன்று என அவர் பக்கத்தை மூடிவிடுவார். உரிய கழிவு கிடைக்காமலே போகும்.

எனவே முதற்பணி கேட்டு எழுதுதல். இரண்டு வாரங்களுக்குத் தொலைபேசியிலும் முகப்பிலும் வருவோர் சொல்லும் முதல் வாக்கியத்தைத் திருத்தாமல் குறித்துவைக்க வேண்டும். பின்னர் ஒரே பொருளுடைய வினாக்களை ஒன்றாகச் சேர்த்து, எவருமே கேளாதவற்றை நீக்கலாம்.

திருத்திய வினா: "மகன் அல்லது மகள் முழுநேர மாணவர், வரி குறையுமா?"

பழைய விடை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, ஓராண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 24 வாரம், வாரத்துக்கு 21 மணிநேரம் என மாணவர் யார் என்பதை விளக்கியது. சட்டம் பயின்றவனாதலால் அதனை வெட்ட எனக்குக் கை கூசியது. ஆயினும், முழுநேர மாணவர் என்பதைப் பல்கலைக்கழகச் சான்றிதழே காட்டிவிடும். அவ்விளக்கம் தனிப் பக்கத்துக்கு உரியது.

சுருக்கும்போது பிழை நேர்வது நிபந்தனையை வெட்டும் இடத்தில்தான். "ஆம், 25 சதவீதம் குறையும்" என்று நிறுத்தினால், மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போன பின்னரும் தாயார் அதனையே நம்பியிருப்பார். மாற்றத்தை 21 நாட்களுக்குள் அறிவிக்காவிடின், குறைத்த தொகையைத் திருப்பிச் செலுத்த நேரும். 70 பவுண்ட் தண்டமும் விதிக்கப்படலாம். ஒரு வாக்கியத்தை நீக்குமுன், அது இல்லாவிடின் வாசிப்பவருக்குப் பண இழப்பு வருமா என்று பார்க்க வேண்டும்.

2012இல் தொடங்கிய அரச இணையத்தளமாகிய GOV.UK வினா–விடைப் பக்கங்களையே தவிர்க்கின்றது. வினாக்கள் யாவும் 'எப்படி', 'என்ன' என்றே தொடங்குவதால், தேடும் சொல் கண்ணில் படுவதில்லை என்பது அதற்கொரு காரணம். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் வினாச்சொல்லைக் கடைசியில் வைக்கலாம். 'மகன்', 'மாணவர்' ஆகியன முன்னே நிற்கும்.

இறுதி விடை இதுவே:

"ஆம். முழுநேர மாணவர் கணக்கில் சேர்க்கப்படமாட்டார். வீட்டில் வேறு பெரியவர் நீங்கள் ஒருவரே எனில் வரி 25 சதவீதம் குறையும். பல்கலைக்கழகச் சான்றிதழுடன் விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்தாலோ வேறு பெரியவர் குடிவந்தாலோ 21 நாட்களுக்குள் அறிவியுங்கள்."