கேட்டில் செல்லாத எண்

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் இளைஞர்கள் நடத்தும் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு டிக்கெட் உண்டு. விலை பெரிதில்லை. ஆனால் வெளியூர் அணிகளின் சாப்பாடும் பரிசுத்தொகையும் அந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். முன்பு அந்த டிக்கெட்டுகளில் 1 முதல் 2000 வரை வரிசை எண் மட்டுமே இருந்தது. ஒரு டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவனுக்கு மற்ற எல்லா டிக்கெட்டின் எண்ணும் தெரிந்துவிடும். கலர் பிரிண்டர் இருக்கிற எவரும் 2000-க்குள் பிடித்த எண்ணைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம், கேட்டில் நிற்கும் பையனால் அதை மறுக்க முடியாது. ஒரு வருடம் அப்படியே நடந்தது. மைதானம் நிரம்பியது, பணப்பெட்டி நிரம்பவில்லை.

நான் பெங்களூரில் மென்பொருள் வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன் என்பதால், அடுத்த வருட டிக்கெட்டை என்னிடம் விட்டார்கள். குழுவில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன் முதலிலேயே கேட்டான்: "அண்ணா, நம்பருக்குக் கடைசியில ஒரு செக் டிஜிட் சேத்துட்டா போதும்ல? கள்ள நம்பர் மாட்டிக்கும்." பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், டிக்கெட் எண்ணை அமைப்பதில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பங்காருப்பேட்டை ஜங்ஷனில் நிற்கும் சரக்கு வேகன்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 இலக்க எண் இருக்கும். அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த இலக்கம். குறித்துக்கொள்ளும் ஊழியர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கணக்கு இடிக்கும். இந்தச் சூத்திரம் யாருக்கும் ரகசியமில்லை, ரகசியமாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அது பிடிப்பது கைப்பிழையை மட்டுமே. பொய் சொல்ல நினைப்பவன் பத்து எண்களைக் கற்பனை செய்தால் சராசரியாக ஒன்று தானாகவே தேறிவிடும். சூத்திரம் தெரிந்தவனுக்குப் பத்துமே தேறும்.

எனவே பொய்யை நிறுத்துவது வேறொன்று: எண் யூகிக்க முடியாததாக இருக்க வேண்டும், எந்த எண்களை வெளியிட்டோம் என்ற லிஸ்ட் கேட்டில் இருக்க வேண்டும். 9 இலக்க எண்கள் மொத்தம் 90 கோடி. அவற்றிலிருந்து 2000-ஐக் குலுக்கல் முறையில் எடுத்தால், சூத்திரம் முழுதும் தெரிந்த ஒருவன் கற்பனை செய்யும் எண் லிஸ்டில் இருக்க வாய்ப்பு நாலரை லட்சத்தில் ஒன்று. கேட்டில் நின்று ஒருவன் எத்தனை முறை முயல முடியும்? அந்தப் பாதுகாப்பு நமக்குப் போதும். பத்தாவது இலக்கமாகச் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தேன். மொத்தம் 10 இலக்கம், மொபைல் நம்பர் மாதிரி. எங்கள் பசங்களுக்கு வாசிக்கவும் அடிக்கவும் பழகிப்போன நீளம். ஆங்கில எழுத்துகளைக் கலந்தால் எண் குட்டையாகும்தான், ஆனால் இருட்டுகிற நேரத்தில் பூஜ்யமா ஓவா என்ற சண்டை வரும்.

சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வித்தியாசம் உண்டு. வேகன் எண்ணில் இருப்பது போன்ற மூன்றால் பெருக்கும் முறை ஒற்றை இலக்கப் பிழை எல்லாவற்றையும் பிடிக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது, அவற்றின் வித்தியாசம் 5 என்றால் விட்டுவிடும். 27 என்பதை 72 என்று அடித்தால் அதற்குத் தெரியாது. அவசரமாகத் தட்டும்போது அதிகம் வருவது இந்த இடமாற்றம்தான். ஆதார் எண்ணின் கடைசி இலக்கத்துக்குப் பயன்படும் வெர்ஹோஃப் முறை இரண்டு வகைப் பிழையையும் முழுமையாகப் பிடிக்கும். 2004-இல் டாம் என்பவர் கொடுத்த முறையும் அப்படியே. அதற்கு ஒரே ஒரு 10×10 அட்டவணை போதும் என்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

```python
import secrets
T = ["0317598642","7092154863","4206871359",
     "1750983426","6123045978","3674209581",
     "5869720134","8945362017","9438617205",
     "2581436790"]
def damm(s):
    r = 0
    for c in s:
        r = int(T[r][int(c)])
    return str(r)
codes = set()
while len(codes) < 2000:
    s = str(100000000 + secrets.randbelow(900000000))
    codes.add(s + damm(s))
```

408731962 என்ற எண்ணைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 0-ஆம் வரிசையில் தொடங்கி, முதல் இலக்கமான 4-ஆம் கட்டத்தைப் பார்த்தால் 5. இனி 5-ஆம் வரிசையில் 0-ஆம் கட்டம், 3. அப்படியே தொடர்ந்தால் 2, 3, 0, 3, 6, 0 என்று வந்து கடைசியில் 1. ஆக டிக்கெட்டில் 4087319621. பத்து இலக்கத்தையும் இதே மாதிரி ஓட்டினால் முடிவு 0 வர வேண்டும். நடுவில் 19-ஐ 91 என்று மாற்றி அடித்தால் 5 வரும். எங்கோ பிசகு என்று தெரிந்துவிடும்.

இந்த நிரலில் இரண்டு இடங்களை மாற்றாதீர்கள். ஒன்று `secrets`. பைதானில் உள்ள சாதாரண `random` விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குகளுக்கும் உரியது. அதன் 32 பிட் வெளியீடுகளில் தொடர்ந்து 624-ஐப் பார்த்தவரால் அடுத்தடுத்து வருவதையெல்லாம் கணக்கிட முடியும். இன்னொன்று, எண் 0-வில் தொடங்காதபடி பார்த்துக்கொள்வது. எக்செல்லில் திறந்ததும் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும், பிரஸ்ஸுக்குப் போகும்போது 9 இலக்க டிக்கெட்டுகள் சில கலந்திருக்கும். நிரலை ஒரே ஒரு முறை ஓட்டி, வந்த லிஸ்டை உடனே கோப்பில் சேமித்துவிடுங்கள். மறுபடி ஓட்டினால் வேறு 2000 வரும், இரண்டு லிஸ்ட் சுற்றத் தொடங்கினால் கேட்டில் நல்ல டிக்கெட்டே செல்லாது.

அச்சு தனிக் கதை. ஊரில் நோட்டீஸும் ரசீதுப் புத்தகமும் அடிக்கும் பிரஸ்களில் இருக்கும் நம்பரிங் மெஷின் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று கூடும், அவ்வளவுதான். நம்முடைய தாறுமாறான எண்ணை அதனால் அடிக்க முடியாது. அதனால் வரிசை எண்ணை அது பாட்டுக்கு டிக்கெட்டிலும் அடிக்கட்டையிலும் அடிக்கட்டும் என்று விட்டு, 10 இலக்க எண்ணை மட்டும் லேசர் பிரிண்டரில் ஸ்டிக்கர் தாள்களில் எடுத்து ஒட்டினோம். இரண்டு எண் இருப்பது நல்லதே. வரிசை எண் கணக்குக்கு, நீள எண் கேட்டுக்கு. ஒன்றிலிருந்து மற்றதை எந்தச் சூத்திரத்தாலும் வரவழைக்கக் கூடாது, எந்த வரிசை எண்ணுக்கு எந்த நீள எண் என்பது நம் கோப்பில் மட்டும் இருக்க வேண்டும். 50 டிக்கெட் கொண்ட புத்தகம் 40. பதினேழாவது புத்தகம் விற்காமல் திரும்பினால் 801 முதல் 850 வரை உள்ள நீள எண்களை லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம். அந்தப் புத்தகம் பிறகு யார் கையில் போனாலும் வெறும் தாள்.

வாங்குபவரின் ஆதார் எண்ணையோ போன் நம்பரையோ டிக்கெட்டில் போடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் கடுமையாக மறுத்தேன். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஓர் ஆட்டம் பார்க்க வருபவரின் அடையாளத்தை நாம் ஏன் கேட்க வேண்டும்? டிக்கெட் செல்லுமா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இனி கேட். எங்கள் மைதானத்துக்கு இரண்டு வாசல், அங்கே மொபைல் சிக்னலை நம்ப முடியாது. ஒரே டிக்கெட்டின் ஜெராக்ஸ் இரண்டு வாசலிலும் நுழைந்தால் எப்படித் தெரியும்? இங்கே சரிபார்ப்பு இலக்கம் இன்னொரு வேலையும் செய்தது. கடைசி இலக்கம் 0 முதல் 4 வரை என்றால் மேற்கு வாசல், 5 முதல் 9 வரை என்றால் கிழக்கு. நிரலின் நிபந்தனையை அதற்கேற்ப மாற்றி ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் எண் சேரும் வரை குலுக்கி, 1 முதல் 20 வரையிலான புத்தகங்களை மேற்குக்கும் மீதியைக் கிழக்குக்கும் ஒதுக்கினோம். ஒரே புத்தகத்தில் வாங்கிய குடும்பம் பிரிந்து போகாது. ஒரு டிக்கெட் ஒரே வாசலில்தான் செல்லும் என்பதால், இரண்டு லிஸ்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

வாசலில் இருந்தவர்களுக்கு இன்டர்நெட் இல்லாமல் போனிலேயே திறக்கும் ஒரு சின்னப் பக்கமும், ஏறுவரிசையில் அச்சிட்ட தாளும் கொடுத்தோம். எண்ணைத் தட்டினால் கணக்கு இடிக்கிறதா என்று பக்கம் சொல்லும். இடித்தால் முதலில் நம் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். "அக்கா, நம்பரை இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க" என்று கேட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், யாரையும் திருடன் என்று பார்க்க வேண்டியதில்லை. கணக்கு சரியாக வந்தும் லிஸ்டில் இல்லையென்றால், திரும்பி வந்த புத்தகத்தின் டிக்கெட் அல்லது உருவாக்கிய எண். அதைக் குழுத் தலைவரிடம் அனுப்ப வேண்டும். லிஸ்டில் இருந்தும் ஏற்கெனவே அடித்திருந்தால், நகல். முதலில் வந்தவர்தான் உள்ளே போயிருப்பார், அவரே நகலோடு வந்தவராகவும் இருக்கலாம். இந்த இடத்தில் எந்தச் சூத்திரமும் உதவாது. விற்றவர் அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரைக் குறித்திருந்தால் மட்டுமே நியாயம் சொல்ல முடியும். டிக்கெட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள் என்று விற்கும்போதே சொல்லச் சொன்னதும் இதற்காகத்தான்.

மழையில் நனைந்து ஓர் இலக்கம் அழிந்த டிக்கெட்டை மறுக்க வேண்டாம். 40873?9621 என்று இருந்தால், அந்த இடத்தில் 0 முதல் 9 வரை போட்டுப் பார்க்கலாம். டாம் முறையில் ஒரே ஓர் இலக்கம்தான் பொருந்தும், இங்கே அது 1. பிறகு வழக்கம் போல லிஸ்டைப் பார்க்க வேண்டும். இரண்டு இலக்கம் அழிந்திருந்தால் இது நடக்காது, வரிசை எண்ணை வைத்துக் கோப்பில் தேட வேண்டும்.

கேட்டில் இருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. தாளில் தேடுவதற்கு முதல் 4 இலக்கம் போதும், அநேகமாக ஒரே வரியில் போய் நிற்கும். ஆனால் அங்கேயே பேனாவை வைத்துவிடக் கூடாது. 4 இலக்கத்தில் தொடக்கங்கள் 9000, லிஸ்டிலோ ஆயிரம் எண். கண் அதோடு நின்றுவிட்டால், கற்பனை எண் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று உள்ளே போய்விடும். நாலரை லட்சத்தில் ஒன்று என்று கட்டிய வேலி அவ்வளவு இறங்கிவிடும். பத்து இலக்கத்தையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் விரலால் தொட்டு ஒப்பிட்டு அடிக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் இரண்டு வாசல் தாள்களிலும் அடித்த எண்களை எண்ணி, விற்ற அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டோம். அடித்தவை விற்றதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும், டிக்கெட் வாங்கியும் வராதவர்கள் எப்போதும் உண்டு. எந்த வாசலிலாவது தலைகளின் எண்ணிக்கை அடித்த எண்களைவிடக் கூடுதலாக இருந்தால், பிழை எண்ணில் இல்லை. அந்த வாசலில் யாரோ எண்ணைப் பார்க்காமலே ஆளை விட்டிருக்கிறார்கள்.